தீபாவளிப் பருவத்தில் ஜவுளிக்கடையின் புதிய கிளைத் திறப்பு அறிவிப்பை எழுதுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஓர் ஊரில் முதன்முதலாகக் கடை திறப்பவர் தம் பெயரை மக்களுக்கு அறிமுகம் செய்தால் போதும். ஏற்கெனவே நடந்துவரும் ஜவுளிக்கடை இன்னோர் ஊரில் கிளை திறக்கும்போது அதன் பெயரை அங்கே பலர் முன்பே கேட்டிருப்பார்கள்; சிலர் பேருந்து ஏறிப் போய் அந்தக் கடையில் துணி எடுத்தும் வந்திருப்பார்கள். அவர்கள் மனத்தில் எழும் கேள்விகள் வேறு. இது அதே கடைதானா, அங்கே கிடைக்கும் சரக்கும் விலையும் இங்கேயும் கிடைக்குமா, தீபாவளிக்கு முன் எந்த நாளில் போனால் நிதானமாகப் பார்த்து எடுக்கலாம் என்பனவே அவை. ஆனால் பெரும்பாலான திறப்பு விழா அறிவிப்புகளில் "மாபெரும் திறப்பு விழா" என்ற எழுத்தும் சிறப்பு விருந்தினர்களின் படங்களும் முக்கால் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. வாடிக்கையாளர் தேடும் செய்தி அடிவரியில் பொடி எழுத்தாகக் கிடக்கிறது.

எல்லாவற்றையும் பொதுவாகச் சொல்வதைவிட ஒரே எடுத்துக்காட்டைத் தொடக்கம் முதல் முடிவு வரை பின்தொடர்வது பயன்படும். கும்பகோணத்தில் இரண்டு தளங்களில் நடக்கும் ஒரு நடுத்தர ஜவுளிக்கடை, மன்னார்குடியில் தன் முதல் கிளையை 2026ஆம் ஆண்டு விஜயதசமி அன்று திறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கீழே வரும் விலைகளும் எண்ணிக்கைகளும் கணக்கு விளங்குவதற்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் கடையின் சரக்குக்கும் ஊருக்கும் ஏற்ப அவற்றை மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் படி: நாள்காட்டியை விரித்து வைத்துக்கொள்ளுதல்

2026இல் விஜயதசமி அக்டோபர் 20, செவ்வாய்க்கிழமை. தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. இடையில் முழுதாகக் கிடைக்கும் வாரக் கடைசிகள் இரண்டே இரண்டு: அக்டோபர் 24, 25, பிறகு அக்டோபர் 31, நவம்பர் 1. அதற்கடுத்த சனிக்கிழமை தீபாவளிக்கு முந்தின நாளாகிவிடுகிறது. மாதச் சம்பளக்காரர்களின் கையில் பணம் புழங்குவது இரண்டாவது வாரக் கடைசியிலிருந்துதான். டெல்டா கிராமங்களின் கணக்கு இதிலிருந்து சற்று மாறுபடும். குறுவை அறுவடை முடிந்து நெல் போட்ட பணம் வந்த குடும்பங்கள் அக்டோபர் மூன்றாவது, நான்காவது வாரத்திலேயே துணி எடுக்கத் தயாராக இருப்பார்கள். ஆகவே மன்னார்குடிக் கிளையின் முதல் வாரக் கூட்டம் பெரும்பாலும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும், இரண்டாவது வாரக் கூட்டம் நகரத்துச் சம்பளக் குடும்பங்களிலிருந்தும் வரும் என்று எதிர்பார்க்கலாம். ஒரே அறிவிப்பைத் தொடர்ந்து 19 நாட்கள் ஓட்டுவது ஏன் பயன்படாது என்பதற்கு இதுவே காரணம்.

விஜயதசமியிலிருந்து பின்னோக்கியும் எண்ண வேண்டும். அவ்வாண்டு மகாளய அமாவாசை அக்டோபர் 10 அன்று வருகிறது. அதற்கு முந்தைய இரு வாரங்களும் மகாளய பட்சம். அந்நாட்களில் புதுத்துணி எடுப்பதைப் பல குடும்பங்கள் தவிர்ப்பதால், அப்போது வெளியிடும் அறிவிப்பு கண்ணில் பட்டாலும் மனத்தில் நிற்காது. அடுத்த நாளே நவராத்திரி தொடங்குகிறது. வீட்டுக்கு வீடு கொலுவுக்குப் போய்வரும் அந்த ஒன்பது நாட்களே திறப்பு அறிவிப்புக்கு உரிய காலம். ஒன்றை இங்கே மறக்கக் கூடாது: ஆயுத பூஜையை ஒட்டி அச்சகங்களில் வேலை குவிந்திருக்கும், பூஜை நாளில் இயந்திரங்களும் ஓடாது. எனவே அச்சிடும் நோட்டீஸின் இறுதி வடிவம் அக்டோபர் 8ஆம் தேதிக்குள் அச்சகத்தின் கையில் இருக்க வேண்டும். அதில் வரும் எல்லா முடிவுகளும் அதற்கு முன்பே எடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

நேரத்தைக் குறிக்கும்போது, விளக்கேற்றும் நேரத்தையும் விற்பனை தொடங்கும் நேரத்தையும் தனித்தனியாக எழுதுங்கள். செவ்வாய்க்கிழமை காலை 9 முதல் 10.30 வரை எமகண்டம், பிற்பகல் 3 முதல் 4.30 வரை இராகுகாலம் என்பதால், உரிமையாளர்கள் பெரும்பாலும் 9 மணிக்கு முன்பே குத்துவிளக்கேற்றி, வீட்டுப் பெரியவர் ஒருவர் கையில் முதல் விற்பனையைக் கொடுத்துவிடுவார்கள். அறிவிப்பில் "காலை 8 மணிக்குத் திறப்பு விழா" என்று மட்டும் இருந்தால், அதை நம்பி எட்டு மணிக்கு வரும் குடும்பம் விருந்தினர் கூட்டத்துக்கு நடுவே இரண்டு மணி நேரம் நிற்க நேரிடும். கைக்குழந்தையோடு வந்தவர்கள் அப்படியே திரும்பிப் போய்விடுவார்கள்.

இரண்டாம் படி: எழுத உட்காரும் முன் கடைக்குள் முடிவாக வேண்டியவை

அறிவிப்பில் வரும் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் கடைக்குள் யாரோ ஒருவர் பொறுப்பேற்றிருக்க வேண்டும். கொள்முதல் பார்ப்பவர், கணக்கர், புதிய கிளையின் மேலாளர் ஆகிய மூவரையும் ஒருசேர உட்கார வைத்து மூன்று செய்திகளை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலாவது, திறப்பு நாளில் எந்தெந்தப் பிரிவு முழுமையாக இயங்கும் என்பது. கட்டட வேலை முடிவதற்கு முன்பே திறக்கும் கடைகளில் மாடித் தளம் பாதி அடுக்கிய நிலையில் இருப்பது வழக்கம். பட்டுப் பிரிவு அக்டோபர் 28 அன்றுதான் தயாராகும் என்றால், அதை அப்படியே சொல்லிவிடலாம். ஐப்பசி, கார்த்திகைக் கல்யாணத்துக்காகப் பட்டு எடுக்க வருபவர் முதல் நாளே வந்து ஏமாந்தால், முகூர்த்தச் சேலைக்கு மறுபடி கும்பகோணத்துக்கோ தஞ்சாவூருக்கோதான் போவார்.

இரண்டாவது, தாய்க்கடையின் விலையும் கிளையின் விலையும் ஒன்றா என்பது. ஒன்றுதான் என்றால் அறிவிப்பில் அதைவிட வலுவான வரி வேறில்லை. மன்னார்குடியிலிருந்து கும்பகோணம் போய்வர ஒரு குடும்பத்துக்கு ஆகும் பேருந்துச் செலவும், ஒரு முழு நாளும் மிச்சம் என்று அதைப் படிப்பவர் தாமே கணக்கிட்டுக்கொள்வார்.

மூன்றாவது, ஒரு கிளையில் எடுத்த துணியை இன்னொரு கிளையில் மாற்றலாமா என்பது. பில் போடும் மென்பொருள் இரண்டு கடைகளையும் இணைத்திருந்தால்தான் இது சாத்தியம். இதை விசாரிக்காமல் "இரு கிளைகளிலும் மாற்றிக்கொள்ளலாம்" என்று எழுதிவிட்டால், தீபாவளிக்கு முந்தின நாள் கூட்டத்தில் கவுண்டரில் நிற்கும் பணியாளர்தான் வசவு வாங்குவார்.

மூன்றாம் படி: சலுகையைச் சட்டத்துக்கும் சரக்குக்கும் உள்ளே வடிவமைத்தல்

மிகுந்த கவனம் வேண்டிய இடம் இதுவே என்பதால் சற்று விரிவாகப் பார்ப்போம்.

கவர்ச்சிக்காக வைக்கும் விலை ஒவ்வொரு திறப்பு விழாவிலும் இருக்கும். நம் எடுத்துக்காட்டில், வழக்கமாக 750 ரூபாய்க்கு விற்கும் காட்டன் சேலையை 499 ரூபாய்க்குக் கொடுக்க உரிமையாளர் விரும்புகிறார். கொள்முதல் செய்தது 120 சேலைகள். "காட்டன் சேலை ரூ.499 மட்டுமே" என்று எண்ணிக்கை சொல்லாமல் எழுதினால் என்ன ஆகும் என்று பாருங்கள். முதல் நாள் காலையிலேயே 120 சேலையும் தீர்ந்துவிடும். மாலைப் பேருந்தில் வடுவூர்ப் பக்கத்திலிருந்தும் கோட்டூர்ப் பக்கத்திலிருந்தும் வருகிற பெண்களுக்கு வெற்று மேசைதான் மிஞ்சும். விற்பனையாளர் அவர்களை 750 ரூபாய்ச் சேலையின் பக்கம் திருப்பப் பார்ப்பார். அவர்களோ நம்மை வரவழைப்பதற்காகச் சொன்ன பொய் இது என்றே எண்ணுவார்கள்.

அப்படி எண்ணுவதற்குச் சட்டத்திலும் இடமிருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் கீழ், தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுக்க 2022 ஜூன் மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், தூண்டில் விளம்பரங்களைத் தனியே பேசுகின்றன. சொன்ன விலைக்குப் பொருளைக் கொடுப்பதற்கான நியாயமான வாய்ப்பு இருக்க வேண்டும், இருப்பு குறைவு என்றால் அதை விளம்பரத்திலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கின்றன அவை. நிபந்தனை வரிகள் விளம்பரத்தின் அதே மொழியில், அதே எழுத்துருவில் இருக்க வேண்டும் என்ற விதியும் அவற்றில் உண்டு. தமிழில் பெரிதாக 50 சதவீதத் தள்ளுபடியை அறிவித்துவிட்டு, "வரை" என்ற சொல்லை எறும்பளவில் வைப்பதும், நிபந்தனைகளை ஆங்கிலத்தில் போடுவதும் இந்த நெறிகளுக்கு ஒவ்வாதவை.

ஆகவே அந்த 120 சேலையை மூன்று நாட்களுக்குப் பிரிக்கலாம்: நாளொன்றுக்கு 40. அதையும் காலை 20, மாலை 20 என்று பிரித்து, ஒருவருக்கு ஒரு சேலை என்று வரையறுக்கலாம். இப்படி எழுதினால் கவர்ச்சி குறைந்துவிடும் என்று பல உரிமையாளர்கள் அஞ்சுகிறார்கள். நடப்பது அதற்கு நேர்மாறானது என்பது என் கருத்து. எண்ணிக்கையைப் பார்ப்பவர் இது உண்மையான சலுகை என்று நம்புகிறார். கிடைக்காவிட்டாலும் கடையைக் குறை சொல்வதில்லை.

அடுத்தது இலவசம். ஏதேனும் வாங்கினால்தான் கிடைக்கும் பொருளை நிபந்தனையைச் சொல்லாமல் "இலவசம்" என்று அறிவிக்காதீர்கள், "ரூ.3,000க்கு மேல் வாங்குவோருக்கு ஒரு கட்டைப்பை" என்று முழு வாக்கியமாக எழுதுங்கள். "முதல் நூறு பேருக்கு ஒரு ரூபாய்க்குச் சேலை" போன்ற அறிவிப்பை அறவே தவிர்க்க வேண்டும். 2023 பிப்ரவரியில், தைப்பூசத்தை முன்னிட்டு வாணியம்பாடியில் இலவச வேட்டி சேலைக்கான டோக்கன் வாங்கத் திரண்ட நெரிசலில் சிக்கி நான்கு மூதாட்டிகள் உயிரிழந்தார்கள். குறைந்த எண்ணிக்கைப் பொருளுக்கு ஒரே நேரத்தைக் குறித்துக் கூட்டத்தை வரவழைத்தால், அந்தக் கூட்டத்தின் பாதுகாப்புக்கும் அறிவிப்பை எழுதியவரே பொறுப்பாகிறார். நாள்முழுதும் பரவிக் கிடக்கும் சலுகையே ஜவுளிக்கடைக்கு ஏற்றது.

குலுக்கல் பரிசைப் பற்றியும் சொல்ல வேண்டும். "ரூ.2,000க்கு வாங்கினால் ஒரு கூப்பன், குலுக்கலில் பைக்" என்பது பண்டிகைக் காலத்தில் பரவலாகத் தென்படுவதால், அது தடையற்றது என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் பரிசுத் திட்டங்களைத் தடைசெய்யும் சட்டம் 1979 முதல் இருக்கிறது. விற்பனையைப் பெருக்குவதற்காக நடத்தும் அதிர்ஷ்டப் போட்டிகளை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் முறையற்ற வணிக நடைமுறைகளின் வரிசையில் வைத்துப் பேசுகிறது. ஆகவே வழக்கறிஞரைக் கேட்காமல் "குலுக்கல்" என்ற சொல்லை அறிவிப்பில் சேர்க்க வேண்டாம். பைக்குக்கு ஒதுக்கிய தொகையை எல்லாருக்கும் கிடைக்கும் நேரடி விலைக்குறைப்பாக மாற்றினால் சிக்கலும் இல்லை, மனத்தாங்கலும் இல்லை.

நேரடிக் குறைப்பை எப்படிச் சொல்வது? சதவீதத்தைவிடக் குடும்பக் கணக்கு எளிதில் விளங்கும். நான்கு பேர் கொண்ட ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்குச் சேலை 1,200 ரூபாய், அப்பாவுக்கு வேட்டி சட்டை 1,100, பையனுக்குச் சட்டை பேன்ட் 750, பெண்ணுக்குப் பாவாடை சட்டை 950. ஆக மொத்தம் 4,000 ரூபாய். திறப்பு விழாச் சலுகையாகப் பில் தொகையில் 10 சதவீதம் குறைத்தால் அந்தக் குடும்பம் கட்டுவது 3,600 ரூபாய். "நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்குத் தீபாவளித் துணி ரூ.3,600 முதல்" என்ற வரியைப் படிக்கும் அப்பா, தம் கையிருப்போடு அதை உடனே ஒப்பிட்டுப் பார்ப்பார். ஆனால் அந்த விலைகளில் எல்லா அளவுகளும் இருப்பில் இருக்க வேண்டும் என்பது மறுக்க முடியாத நிபந்தனை. பையனின் சட்டையில் சிறிய அளவுகள் மட்டும் இருந்து, எட்டாம் வகுப்புப் பையனுக்கு ஏற்ற அளவு இல்லையென்றால் அந்த 3,600 பொய்யாகிவிடும்.

வரியைப் பற்றி ஒரு குறிப்பு. 2025 செப்டம்பர் 22 முதல், ஒன்றின் விலை 2,500 ரூபாய்க்கு மேற்படாத ஆயத்த ஆடைகளுக்கு 5 சதவீதமும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 18 சதவீதமும் ஜிஎஸ்டி. விலை உயர்ந்த லெஹங்காவையோ ஷெர்வானியையோ அறிவிப்பில் காட்டினால், "விலைகள் வரி உட்பட" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். கல்லாவில் தகராறு எழாது.

நான்காம் படி: எழுதுதல்

கைபேசித் திரையில் ஒரு பதிவின் முதல் இரண்டு மூன்று வரிகளே விரிக்காமல் தெரியும். நோட்டீஸைக் கையில் வாங்குபவரும் அதே அளவுக்குத்தான் முதலில் பார்ப்பார். அந்த வரிகளில் கடையின் பெயர், ஊர், நாள் மூன்றும் வந்துவிட வேண்டும். வழக்கமாக வரும் அறிவிப்பு இப்படி இருக்கும்:

> "அன்பான வாடிக்கையாளர்களே! உங்கள் பேராதரவுடன் வெற்றிநடை போடும் எங்கள் நிறுவனத்தின் மாபெரும் புதிய கிளை, பிரம்மாண்டமான முறையில், நவீன வசதிகளுடன், உங்கள் ஊரில்…"

இத்தனை படித்தும் எந்த ஊர், எந்த நாள் என்று தெரியவில்லை. "உங்கள் ஊரில்" என்பது வாட்ஸ்அப் வழியாகத் திருத்துறைப்பூண்டியில் இருப்பவருக்குப் போனால் அது திருத்துறைப்பூண்டி என்றே பொருள்படும். ஊர்ப்பெயரை எழுதாத திறப்பு அறிவிப்பு பகிரப்படும்போது இப்படித்தான் குழப்பும்.

நம் கடைக்கான அறிவிப்பை நான் இப்படி எழுதுவேன். கோடிட்ட இடத்தில் உங்கள் கடைப் பெயரை நிரப்பிக்கொள்ளுங்கள்.

> கும்பகோணம் ______ ஜவுளிக்கடை, இனி மன்னார்குடியிலும்.
> திறப்பு: அக்டோபர் 20, விஜயதசமி, செவ்வாய்க்கிழமை. விற்பனை காலை 10.30 முதல் இரவு 9.30 வரை.
>
> கும்பகோணம் கடையில் நீங்கள் எடுக்கும் அதே சேலைகள், வேட்டி சட்டைகள், குழந்தைகளின் துணிகள் அதே விலையில் இங்கும் கிடைக்கும். பந்தலடியிலிருந்து நடந்தே வரலாம்.
>
> திறப்பு விழாவை ஒட்டி அக்டோபர் 20 முதல் 25 வரை எல்லாத் துணிகளுக்கும் பில் தொகையில் 10 சதவீதம் குறைவு. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்குத் தீபாவளித் துணி ரூ.3,600 முதல்.
>
> ரூ.750 காட்டன் சேலை ரூ.499. அக்டோபர் 20, 21, 22 ஆகிய மூன்று நாட்களும் நாளொன்றுக்கு 40 சேலைகள்: காலை 10.30க்கு 20, மாலை 5 மணிக்கு 20. ஒருவருக்கு ஒன்று. இதற்கு 10 சதவீதக் குறைவு பொருந்தாது.
>
> பட்டுச் சேலைப் பிரிவு அக்டோபர் 28 முதல் இயங்கும்.
>
> அளவு சரியில்லையென்றால் பில்லுடன் நவம்பர் 15 வரை, கும்பகோணம், மன்னார்குடி இரு கடைகளிலும் மாற்றிக்கொள்ளலாம். விலைகள் வரி உட்பட.
>
> முகவரி, கைபேசி எண், வரைபட இணைப்பு.

இதில் சில முடிவுகள் வேண்டுமென்றே எடுக்கப்பட்டவை. விளக்கேற்றும் நிகழ்ச்சியையும் விருந்தினர் பெயர்களையும் இந்த அறிவிப்பில் சேர்க்கவில்லை. அவற்றுக்குத் தனி அழைப்பிதழ் அடித்து உறவினர்களுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் நேரில் கொண்டுபோய்க் கொடுப்பதே மரபு, மரியாதையும் கூட. சலுகைக்கு முடிவு நாள் இருக்கிறது. 499 ரூபாய்ச் சேலைக்கு மேலும் குறைவு உண்டா என்ற கேள்விக்கு அங்கேயே விடை இருக்கிறது. மாற்றிக்கொள்ளும் கடைசி நாளைத் தீபாவளிக்கு ஒரு வாரம் பின்னால் வைத்திருப்பதற்குக் காரணம், பிள்ளைகளின் துணி சரியில்லை என்பது பல வீடுகளில் கங்கா ஸ்நானம் முடித்து உடுத்தும்போதுதான் தெரியவரும் என்பதே.

துணியின் பெயரை எழுதும்போது கூடுதல் எச்சரிக்கை வேண்டும். செயற்கை இழையில் நெய்ததைப் "பட்டு" என்றோ, விசைத்தறிச் சேலையைக் "கைத்தறி" என்றோ எழுதாதீர்கள். திருபுவனம் பட்டுக்கும் காஞ்சிபுரம் பட்டுக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது; வேறிடத்தில் நெய்த சேலைக்கு அந்தப் பெயரை வைப்பது வாங்குபவரை மட்டுமல்ல, அந்தத் தறிகளில் உட்கார்ந்திருப்பவர்களையும் ஏமாற்றுவதாகும். தூய பட்டு என்றால் சில்க் மார்க் முத்திரையோடு கொடுக்கிறோம் என்று எழுதுங்கள். கலப்புப் பட்டு என்றால் கலப்பு என்றே எழுதுங்கள். கும்பகோணத்துக்காரர்களிடம் பட்டு எடுத்துப் பழகியவர்கள் சேலையைக் கையில் எடுத்த உடனே வேறுபாட்டைக் கண்டுகொள்வார்கள்.

ஐந்தாம் படி: படமும் இடமும்

படத்துக்கு ஒரே விதி: கடையின் முகப்பு தெருவிலிருந்து எப்படித் தெரிகிறதோ அப்படியே, பெயர்ப்பலகையோடு காட்டுங்கள். கணினியில் வரைந்த கட்டடத் தோற்றத்தைப் பார்த்துவிட்டு வருபவர் உண்மையான கட்டடத்தைத் தாண்டிப் போய்விடுவார். முகப்பில் இன்னும் சாரம் கட்டியிருந்தால், எதிரில் உள்ள அடையாளத்தைப் படத்தில் சேர்த்துவிடலாம். விலையைப் படத்தில் போட்டால், அந்த விலைக்குரிய சேலையையே படத்தில் காட்டுங்கள்.

கூகுள் வரைபடத்தில் புதிய கிளைக்குத் தனிப் பதிவு தேவை. தாய்க்கடையின் பதிவில் முகவரியை மாற்றினால் கும்பகோணத்து வாடிக்கையாளர்கள் மன்னார்குடிக்கு வந்து நிற்பார்கள். திறப்பு நாளை முன்கூட்டியே குறித்துப் பதிவு செய்யும் வசதி உண்டு. திறப்புக்கு 90 நாட்கள் முன்பிருந்தே அது வரைபடத்தில் தெரியத் தொடங்கும். உரிமையைச் சரிபார்க்கும் நடைமுறைக்கு நாட்கள் பிடிக்கும் என்பதால் செப்டம்பரிலேயே இதைத் தொடங்கிவிடுங்கள். பிறகு அந்த இணைப்பை ஊர் தெரியாத ஒருவர் கையில் கொடுத்து, இரு சக்கர வாகனத்தில் வந்து பார்க்கச் சொல்லுங்கள். குறி பின்தெருவில் விழுந்திருந்தால் அப்போது தெரிந்துவிடும்.

ஆறாம் படி: மூன்று தவணைகளாக வெளியிடுதல்

மேலே உள்ள அறிவிப்பை நவராத்திரி முதல் நாளான அக்டோபர் 11 அன்று வெளியிடலாம். வாட்ஸ்அப் ஒலிபரப்புப் பட்டியல் வழியாக அனுப்பும் செய்தி, உங்கள் எண்ணைத் தங்கள் கைபேசியில் சேமித்தவர்களுக்கு மட்டுமே போய்ச்சேரும். ஆகவே செப்டம்பர் முதலே கும்பகோணம் கடையில் பில் போடும்போது, "மன்னார்குடிப் பக்கமிருந்து வருகிறீர்களா அக்கா? அங்கே கடை திறக்கிறோம், இந்த எண்ணைச் சேமித்துக்கொண்டால் விவரம் அனுப்புகிறோம்" என்று கேட்டுவைப்பது நூறு நோட்டீஸுக்கு ஈடாகும்.

இரண்டாவது தவணை, திறந்த நாளன்று இரவு. இதில் விருந்தினர் படங்களைக் குறைத்து, சேலைத் தளம், குழந்தைகள் பிரிவு, துணி போட்டுப் பார்க்கும் அறை ஆகியவற்றின் உண்மையான படங்களைப் போடுங்கள். "நாளையும் காலை 20, மாலை 20 காட்டன் சேலைகள் உண்டு" என்று சொல்லுங்கள். முதல் நாள் தொலைபேசியில் வந்த கேள்விகளை மேலாளர் ஒரு நோட்டில் குறித்திருக்க வேண்டும். வண்டி எங்கே நிறுத்துவது, ரவிக்கை தைத்துத் தருவீர்களா, கார்டில் பணம் கட்டலாமா என்று திரும்பத் திரும்ப வரும் மூன்று கேள்விகளுக்கு இந்தப் பதிவிலேயே விடை சொல்லிவிடலாம்.

மூன்றாவது தவணை அக்டோபர் 30, சம்பள வாரக் கடைசிக்கு முந்தின நாள். திறப்புச் சலுகை 25ஆம் தேதியே முடிந்துவிட்டதால், அதை மீண்டும் நீட்டிக்க ஆசை வரும். நீட்டிக்காதீர்கள். "கடைசி நாள்" என்று சொல்லிவிட்டு நீட்டித்தால், அந்த நாளை நம்பி முன்பே வந்து வாங்கியவர் ஏமாந்தவராகிறார். அடுத்த முறை யாரும் உங்கள் முடிவு நாளை நம்பமாட்டார்கள். இந்தத் தவணையில் பட்டுப் பிரிவு திறந்துவிட்டதையும், புதிதாக வந்திறங்கிய சரக்கையும், கூட்டம் குறைவாக இருக்கும் நேரத்தையும் சொல்லலாம். "காலை 10.30 முதல் 1 மணி வரை வந்தால் நிதானமாகப் பார்க்கலாம்" என்பது வயதானவர்களை அழைத்துவரும் குடும்பங்களுக்கு எந்தத் தள்ளுபடியையும்விட உதவியான செய்தி.

மழைக்கும் ஒரு வரி தயாராக இருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஐ ஒட்டித்தான் தொடங்குகிறது; டெல்டாவில் பெய்ய ஆரம்பித்தால் கிராமங்களிலிருந்து மாலைக் கூட்டம் வராது. மாவட்டத்தில் கனமழை எச்சரிக்கை வந்த நாளில், "இன்று மாலை வர இயலாதவர்களுக்காக இன்றைய 20 சேலைகளை நாளை காலைக்கு எடுத்து வைத்திருக்கிறோம்" என்று பதிவிடுங்கள். இப்படி ஒரு முடிவை எடுக்கும் அதிகாரத்தை மன்னார்குடி மேலாளருக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். கும்பகோணத்துக்குத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும்.

தீபாவளி முடிந்த மறுநாள் சலுகைப் பதிவுகளை நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் டிசம்பரில் ஒருவர் அதைக் காட்டி 499 ரூபாய்ச் சேலை கேட்பார். முகவரி, நேரம், நவம்பர் 15 வரை துணி மாற்றும் வசதி ஆகியவற்றைக் கொண்ட பதிவை மட்டும் மேலே நிறுத்தி வையுங்கள். துணி மாற்ற வருபவர்களுக்குத் தரைத்தளத்திலேயே தனிக் கவுண்டர் ஒன்றை ஒதுக்கி, அது எந்த நேரத்தில் இயங்கும் என்பதையும் அந்தப் பதிவில் எழுதிவிடுங்கள்.